ஆணித் தலை தெரியாத பக்கம்

தேவயானி தேனியில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் சிவில் பிரிவில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷ சர்வீஸ். விடுமுறை நாட்களில் தெரிந்தவர்கள் கேட்டால் வீட்டுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பாள், தூணுக்கும் தளத்துக்கும் கணக்குப் பார்த்துக் கொடுப்பாள். ஓடைப்பட்டி கர்ணன் அவள் கணவன் வழியில் தூரத்துச் சொந்தம். திராட்சைத் தோட்டத்துக்குள் நாலு குடில் கட்டி வெளியூர்க்காரர்களைத் தங்கவைக்கும் யோசனை அவருக்கு வந்தபோது, தோட்டத்துக்கும் குடிலுக்கும் நடுவே ஓடும் ஓடையின் மேல் நடைபாலம் ஒன்று வேண்டும் என்று அவளைத்தான் கூப்பிட்டார்.

"இரும்பு வேணாம்த்தா. இரும்பு எங்கனயும் கெடக்கு. மரத்துல இருக்கணும். வாறவுக நின்னு போட்டோ எடுக்கணும்" என்றார்.

நாலரை மீட்டர் இடைவெளி. அவ்வளவு நீளத்துக்குக் கனமான ஒற்றை மரம் வாங்குவதைவிட, எஸ்டேட்டில் நிழலுக்கு வளர்த்து வெட்டும் சில்வர் ஓக் பலகைகளை ஆணியடித்துப் பெட்டியாகச் சேர்த்து உத்திரம் செய்யலாம் என்று தேவயானி சொன்னாள். நாலு பலகை. எல்லாம் நாலு சென்டிமீட்டர் கனம். இரண்டு பலகை இருபது சென்டிமீட்டர் அகலம், இரண்டு பன்னிரண்டு. அகலமான இரண்டும் இரு பக்கமும் செங்குத்தாக நிற்கும். குறுகிய இரண்டும் மேலேயும் கீழேயும் அவற்றின் நடுவே மாட்டிக்கொள்ளும். பக்கவாட்டிலிருந்து ஆணி. பார்க்க இருபதுக்கு இருபது சதுரம், உள்ளே பொள்ளல். அப்படி இரண்டு உத்திரம், மேலே நடக்கும் பலகை.

மரவேலை இம்மானுவேலுடையது. கூடலூர்க்காரன், நாற்பது வயதிருக்கும். குமுளிக்கு அந்தப் பக்கம் ரிசார்ட்டுகளில் வேலை பார்த்தவன். பேச்சில் அங்கங்கே மலையாளம் எட்டிப் பார்க்கும். பலகைகளை ஐந்து மாதம் தன் பட்டறைக் கூரைக்கடியில் இடையிடையே குச்சி கொடுத்து அடுக்கிக் காய வைத்திருந்தான். வரைபடத்தைக் கையில் வாங்கியதும் அவன் கேட்ட முதல் கேள்வி ஆணியைப் பற்றியதுதான்.

"ரெண்டு முனையில மட்டும் ஆறு சென்டிமீட்டருக்கு ஒண்ணு, நடுவுல பன்னெண்டுக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கீக. நடுவுலதான மேடம் தொய்யும்? அங்கனதான நெறய அடிக்கணும்?"

தேவயானிக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. வகுப்பில் வருஷத்துக்கு ஒருவன்கூட அதைக் கேட்பதில்லை. தன் நோட்டுப் புத்தகத்தை வளைத்துக் காட்டினாள். "பாருங்க, வளைக்கும்போது தாள் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்குது. நடுவுல வழுக்குதா? இல்ல. ஓரத்துலதான் படிப்படியா விலகுது. பலகையும் அப்படித்தான். ஆணிக்கு வேலை அந்த வழுக்கலப் பிடிச்சு நிறுத்துறது. தாங்குற முனைக்குப் பக்கத்துலதான் அந்த இழுப்பு சாஸ்தி. நடுவுல கொறஞ்சுபோகும். இதத்தான் ஷியர் ஃப்ளோன்னு சொல்லுவோம். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு எவ்வளவு இழுப்பு, ஒரு ஆணி எவ்வளவு தாங்கும், வகுத்தா இடைவெளி வந்துரும்."

"ஓ, செரி செரி" என்று தலையாட்டிய இம்மானுவேல், காதிலிருந்த பென்சிலை எடுத்துப் படத்தில் முனைகளை வட்டமிட்டுக்கொண்டான்.

பெட்டிகள் தயாராகிப் பாலத்தில் ஏற்ற வேண்டிய நாளில், தேவயானி சின்னமனூரில் ஒரு காதுகுத்து விசேஷத்தில் இருந்தாள். மண்டபத்தில் மேளம். பந்தியில் இலை போட்டுக் காத்திருந்தபோது போன் அடித்தது.

"மேடம், இம்மானுவேலு. பெட்டியக் கொண்டாந்து எறக்கிட்டோம். சைடு பூராம் ஆணித் தலை தெரியுது, போட்டோல அசிங்கமா இருக்கும்னு ஓனர் சொல்றாக. பெட்டியக் கவுத்திப் பக்கவாட்டுல திருப்பிப் போட்டா ஆணியெல்லாம் மேலயும் கீழயும் போயிரும். மேல பலகை மூடிக்கிரும். போடலாமா?"

ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவள் கேட்டாள். சாம்பார் வாளி பக்கத்து இலைக்கு வந்துவிட்டது. "நாலு பக்கமும் ஒரே அளவுதான? சதுரம்தான?"

"ஆமா மேடம், இருபதுக்கு இருபது."

"அப்ப எப்படிப் போட்டா என்ன? போடுங்க" என்றாள்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதனை. மணல் மூட்டைகளை ஏற்றிப் பார்க்காமல் ஆளை விடக் கூடாது என்று சொன்னதும் அவள்தான். ஐம்பது கிலோ மூட்டை நாற்பத்தி நாலு. அறுவடைக் காலம். திராட்சை வெட்ட வந்த பெண்களும் ஆண்களும் முப்பது நாற்பது பேர், கத்தரிக்கோலும் கையுமாக ஓடைக் கரையில் வந்து நின்றுகொண்டார்கள். கர்ணன் வெள்ளை வேட்டியில், போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பாலம் உண்மையாகவே அழகாக இருந்தது. பக்கவாட்டில் ஒரு ஆணித் தலை கிடையாது. வழவழவென்று தேன் நிறத்தில் மரம்.

இருபது மூட்டை வரை சத்தமில்லை. இருபத்தைந்தில் மரம் ஒரு முறை முனகியது. முப்பதாவது மூட்டையை வைத்தபோது அடியில் எங்கோ கறகறவென்று ஆணி மரத்தைத் தின்னும் சத்தம் கேட்டது. தேவயானி கையை உயர்த்தினாள். நடுவில் கட்டித் தொங்கவிட்ட அளவுகோலைப் பார்த்தாள். முப்பது மூட்டைக்குப் பத்து மில்லிமீட்டர் தொய்வு இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். இருபத்தாறு காட்டியது.

"எறக்குங்க. எல்லா மூட்டையும் எறக்குங்க."

கூட்டம் சலசலத்தது. தேவயானி ஓடைக்குள் இறங்கி முனையைப் பார்த்தாள். பலகைகளைச் சேர்க்கும் முன் இம்மானுவேல் அடையாளத்துக்காக மேல் பலகையிலும் பக்கப் பலகையிலும் சேர்த்து ஒரே கோடாகப் பென்சில் போட்டிருந்தான். முனையில் அந்தக் கோடு இப்போது உடைந்திருந்தது. மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு, இடையில் மூன்று நாலு மில்லிமீட்டர் விலகல். நடுவிலிருந்த கோடு நேராகத்தான் இருந்தது. ஆணிகள் வழுக்கலைப் பிடித்து நிறுத்தவில்லை. அது அந்த இடத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்பதுதான் தெரியவில்லை.

மேலே கர்ணனின் குரல் உயர்ந்தது. நடுவில் ஒரு நடைபலகையைத் தூக்கிப் பார்த்திருந்தார். "இங்கன பாரு! சாணுக்கு ஒரு ஆணி! முனையில நெருக்கி அடிச்சுட்டு நடுவுல ஏமாத்திருக்கான். தொய்யாம என்ன செய்யும்?"

"அது படத்துல இருக்கபடிண்ணே" என்றான் இம்மானுவேல். அவன் கர்ணனைப் பார்க்கவில்லை. கீழே ஓடையில் நின்ற தேவயானியைப் பார்த்தான்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவளுடைய கல்லூரி அடையாள அட்டை கைப்பையிலிருந்து வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. 'எனக்கு இன்னும் தெரியல, கணக்கைப் பாத்துட்டுச் சொல்றேன்' என்று சொல்லியிருக்கலாம். ஆறே வார்த்தை. வாய் வரவில்லை.

"ஆணியெல்லாம் சரிதாண்ணே. நான் சொன்னபடிதான் அடிச்சிருக்காரு" என்றாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, "மரம்தான்… சரியா காயலையோ என்னமோ. பச்ச மரம்னா ஆணி பிடிக்காது" என்று சேர்த்துச் சொன்னாள்.

இம்மானுவேலின் முகம் உடனே மாறவில்லை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவள் வேறு யாரைப் பற்றியோ பேசுகிறாள் என்பது போல ஒரு நிமிஷம் நின்றான். "அஞ்சு மாசம் காஞ்ச மரம் மேடம்" என்றான் மெதுவாக.

"அஞ்சு மாசம்னு நீதான சொல்ற" என்றார் கர்ணன். "நேத்து வெட்டுன மரத்த இன்னைக்கு இழைச்சுக் கொண்டாந்திருக்க. ஏத்தா, நீ மட்டும் மூட்டைய வைக்கச் சொல்லலைன்னா, தங்க வாறவுக பிள்ளைகள ஏத்தி ஓடைக்குள்ள போட்டிருப்போமே!"

திராட்சை வெட்டும் பெண்களின் மேஸ்திரி கஸ்தூரியம்மாள், "ஆத்தாடி, பச்ச மரத்துலயா" என்று வாயில் கைவைத்தாள். இம்மானுவேல் தன் உளிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். கர்ணன் தேவயானிக்கு ஒரு கூடை பன்னீர் திராட்சை கொடுத்து அனுப்பினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் கணக்குத் தாளை எடுத்தாள். வளைவுக்குத் தாங்கும் திறன் சரி. சதுரப் பெட்டி. எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த எண் மாறாது. பெருக்கிப் பார்த்தாள், மாறவில்லை. அடுத்த வரியில் ஷியர் ஃப்ளோ. ஆணி எந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ, அந்தப் பலகையின் பரப்பும் அது நடுக்கோட்டிலிருந்து இருக்கும் தூரமும் பெருக்கிப் போட வேண்டிய இடம். பன்னிரண்டு பெருக்கல் நாலு என்று அவள் கையெழுத்து.

பேனா அங்கேயே நின்றது.

பெட்டியைத் திருப்பிய பிறகு மேலே இருப்பது பன்னிரண்டு சென்டிமீட்டர் பலகை அல்ல, இருபது. வரைந்தபடி நிறுத்தியிருந்தால் ஆணிகள் குறுகிய பலகையின் இழுப்பை மட்டும் தாங்கினால் போதும். திருப்பியதும் அதே ஆணிகள், அதே இடைவெளியில், அகலப் பலகை முழுவதன் இழுப்பையும் தாங்க வேண்டியதாகிவிட்டது. பன்னிரண்டுக்கு இருபது. ஒன்றே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. முனையில் ஆறு சென்டிமீட்டருக்கு ஒன்று போதாது, மூன்றரைக்கு ஒன்று வேண்டும். போதாக்குறைக்கு, செங்குத்தாக நிற்க வேண்டிய இருபது சென்டிமீட்டர் பலகைகள் படுத்துக்கிடந்தன. ஆணி கொஞ்சம் வழுக்கினாலும் தாங்கிப்பிடிக்க நின்ற பலகை வெறும் பன்னிரண்டு உயரம். தொய்யாமல் என்ன செய்யும்?

மரத்தில் ஒரு குற்றமும் இல்லை.

இது புரியாத விஷயமாக இருந்திருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். இந்தக் கணக்கை வருஷா வருஷம் கரும்பலகையில் போடுகிறவள் அவள். போன செமஸ்டரில் ஒரு பையன், 'பெட்டி சதுரமாக இருப்பதால் இரண்டு நிலையிலும் ஆணி இடைவெளி ஒன்றே' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு போட்டு, 'பாடத்தைப் படி' என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தாள். அந்தப் பையனின் பெயர் நினைவில்லை. அந்தச் சிவப்புக் கோடு நன்றாக நினைவிருந்தது.

மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை கல்லூரியில் ஆய்வுக்கு ஆள் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை கர்ணனுக்குப் போன் போட்டாள். அவர் எடுத்ததும், "அந்தப் பயல விட்ரு தாயி, குமுளியில வேற ஆளு பாத்திருக்கேன்" என்று ஆரம்பித்தார். "சரிண்ணே" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான், தான் எதற்காகப் பேசினோம் என்பதே தன் வாயிலிருந்து வரவில்லை என்று உறைத்தது. அன்று வகுப்பில் பாடம் எடுத்தபோது பையன்களின் கண்ணைப் பார்க்க முடியவில்லை. பலகையைப் பார்த்தபடியே பேசி முடித்தாள். ஃபிரிட்ஜில் திராட்சைக் கூடை அப்படியே இருந்தது. கணவன் எடுத்துச் சாப்பிட்டு, "நல்லா இனிக்குது, நீ ஏன் தொடல?" என்று கேட்டதற்கு, பல் கூச்சம் என்றாள்.

புதன்கிழமை கர்ணனே கூப்பிட்டார். பேச்சுவாக்கில் சொன்னார்: "கம்பத்துல நம்ம சுரேஷ்கண்ணன் வீட்டு நெலைக்கதவு வேலை அவனுக்குக் குடுத்திருந்தாக. நான்தான் போன் பண்ணி, பச்ச மரத்த வச்சுத் தள்ளிருவான், சாக்கிரதைன்னு சொன்னேன். நிறுத்திட்டாக."

அதற்கு மேல் அவளால் இருக்க முடியவில்லை. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடலூருக்குப் பஸ் ஏறினாள்.

பட்டறை ஊர்க் கடைசியில், ஜீப்புகள் நிற்கும் இடத்தைத் தாண்டி இருந்தது. இம்மானுவேலின் மனைவி மகிமா, ஒரு நாற்காலிக் காலுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேவயானியைக் கண்டதும் எழுந்தாள், ஆனால் உட்காரச் சொல்லவில்லை. "அந்தா அடுக்கிக் கெடக்கு பாத்துக்கங்க, மிச்சப் பலகை" என்று கூரைக்கடியில் கையைக் காட்டினாள். "பச்சையா காஞ்சதான்னு நீங்களே தொட்டுப் பாருங்க."

பலகைகளுக்கிடையே ஒரே அளவாக வெட்டிய குச்சிகள் வரிசையாக இருந்தன. தேவயானி தொடவில்லை.

உள்ளேயிருந்து இம்மானுவேல் வந்தான். அவள் பையிலிருந்து தாளை எடுத்தாள். இரண்டு பெட்டி வரைந்திருந்தாள், ஒன்று நின்றபடி, ஒன்று திருப்பியபடி. பன்னிரண்டு, இருபது என்று விளக்கத் தொடங்கினாள். விளக்க விளக்க, தான் வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. கணக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். நிறுத்தினாள்.

"தப்பு என்னுது இம்மானுவேல். நீங்க கேட்டீக. நான் யோசிக்காம போடுங்கன்னு சொன்னேன். அன்னைக்கு மரம் பச்சைன்னு சொன்னது… அது எனக்குத் தெரிஞ்சு சொன்னதில்ல. வாய்க்கு வந்தத சொன்னேன். என் மேல வந்துரக் கூடாதுன்னு சொன்னேன்."

அவன் தாளை வாங்கி வெகு நேரம் பார்த்தான். "திருப்புனா மாறுமா?" என்றான். கோபத்தைவிட ஆச்சரியம்தான் முதலில் வந்தது. "ஆணி அதேதான, எண்ணிக்கையும் அதேதான…" விரலால் அகலப் பலகையைத் தடவினான். "அது பிடிக்குற மூடிப் பலகை பெருசாயிருது. செரிதான்." பிறகு தாளை மடித்து அவளிடமே நீட்டினான். "எனக்குத் தெரியாது, அதான் கேட்டேன். தெரிஞ்சவுகன்னுதான் கேட்டேன்."

"மன்னிச்சுக்கங்க."

"இங்கன சொல்லி என்ன மேடம்? எனக்கும் மகிமாவுக்கும் மரம் காஞ்சதுன்னு தெரியும்." அவன் குரல் உயரவில்லை. "அங்கன நாப்பது பேரு நின்னாக."

மறுநாள் காலை இருவரும் ஓடைப்பட்டிக்குப் போனார்கள். அவன் வண்டியில் தனியாக, அவள் பஸ்ஸில். பந்தலுக்கடியில் திராட்சையைப் பெட்டிகளில் அடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. கர்ணன் அவனைக் கண்டதும் முகம் கடுத்தார். தேவயானி அவர் வாய் திறக்கும் முன் பேசினாள். வீட்டுக்குள் போய்ப் பேசலாமா என்று ஒரு கணம் மனது கெஞ்சியது. அங்கேயே நின்றாள்.

"அண்ணே, அன்னைக்கு எல்லாரும் இருக்கும்போது மரம் பச்சைன்னு சொன்னேன். பொய். மரம் காஞ்ச மரம். ஆணியும் சரி. பெட்டியத் திருப்பிப் போடலாமான்னு இவரு என்னைப் போன்ல கேட்டாரு. கணக்கு மாறும்னு தெரிஞ்சிருக்க வேண்டியவ நான். பாக்காம சொல்லிட்டேன். பாலம் தொஞ்சது என்னாலதான்."

கைகள் நின்றன. யாரோ ஒரு பெண் சிரித்தாள், உடனே அடக்கிக்கொண்டாள். கஸ்தூரியம்மாள்தான் வாய் திறந்தாள்: "அப்ப அந்த மனுசன எதுக்குத்தா அம்புட்டுப் பேச்சுப் பேசவிட்ட? வாயத் தொறக்காமயில்ல நின்ன?"

"ஆமா, நின்னேன்" என்றாள் தேவயானி.

கர்ணனுக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஆணித் தலை அசிங்கம் என்று சொன்னது தான்தான் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப என்ன செய்யணும்?"

"மொதல்ல கம்பத்துக்குப் போன் போடுங்கண்ணே" என்றாள். அவர் போட்டார். அவள் வாங்கி சுரேஷ்கண்ணனிடமும் அதையே சொன்னாள். அந்த வேலை முந்தின நாளே வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது. "சங்கடமா இருக்கு மேடம், ஆனா வாக்குக் குடுத்துட்டேனே" என்றார் அவர். இம்மானுவேல் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஓடைப் பக்கம் நடந்தான்.

இருக்கிற ஆணிகளுக்கு இடையில் இன்னும் ஆணி சேர்த்து அடித்தால் போதாதா என்று கர்ணன் கேட்டார். மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்று ஒரே வரிசையில் இறக்கினால் பலகை வரிவரியாகப் பிளந்துவிடும் என்று இம்மானுவேலே சொன்னான். பெட்டியை முதலில் வரைந்தபடி நிறுத்துவதுதான் வழி. இரண்டு உத்திரத்தையும் கழற்றி இறக்கினார்கள். முனைகளில் பழைய ஆணித் துளைகள் இழுபட்டு முட்டை வடிவமாகியிருந்தன. ஆணிகளைப் பிடுங்கி, பென்சில் கோடுகளை மறுபடி ஒன்றாகச் சேர்த்து, பழைய துளைகளுக்கு நடுவே புதிதாகத் துளையிட்டு, அதே ஆறு சென்டிமீட்டருக்கு அடித்தான். இரண்டு நாள் வேலை. தேவயானி இரண்டு நாளும் விடுப்புப் போட்டு வந்து, அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலைக்கு வேண்டியதைத் தவிர அவன் அவளிடம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மூட்டை. இம்முறை கூட்டம் குறைவு. நாற்பத்தி நாலும் ஏறின. அளவுகோல் பத்தொன்பது காட்டியது, முழுப் பாரத்துக்கு அது தாங்கக்கூடியதுதான். ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தார்கள், நகரவில்லை. மூட்டைகளை இறக்கியதும் மரம் மெல்ல மேலே வந்தது. பக்கவாட்டில் ஆணித் தலைகள் வரிசை வரிசையாக வெயிலில் மின்னின. கர்ணன் போனை எடுத்து அதையும் படம் பிடித்தார்.

தேவயானி கிளம்பும்போது இம்மானுவேல் கூப்பிட்டான். கர்ணன் நாலாவது குடிலுக்கு முன்னால் இதேபோல இன்னொரு சின்னப் பாலம் கேட்டிருந்தார். அதற்கான பலகை தயாராக இருக்கிறதாம்.

"படம் போட்டுக் குடுங்க மேடம். செஞ்சுருவோம்" என்றான்.

அவளுக்கு நெஞ்சு லேசானது போல இருந்தது. "நாளைக்கே போட்டுருவேன். ஏதாச்சும் சந்தேகம்னா போன் பண்ணுங்க."

"போன்ல வேணாம்" என்றான் அவன். கடுமையாகச் சொல்லவில்லை, வேலை விஷயமாகத்தான் சொன்னான். "எந்தப் பக்கம் மேலன்னு படத்துலயே எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. ஓனருக்கு ஒரு காப்பி, எனக்கு ஒரு காப்பி."

"சரி" என்றாள் தேவயானி. அவன் அதற்குள் திரும்பி, கருவிகளைப் பைக்குள் அடுக்கத் தொடங்கியிருந்தான். பஸ் வரும் நேரமாகிவிட்டதென்று அவள் பாலத்தின் மேல் ஏறி, கைப்பிடியைத் தொடாமல், மறுகரைக்கு நடந்தாள்.